ஏறாத பில்லைப் பேரேட்டில் தேடாதீர்கள்: எங்கள் தணிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தணிக்கைக் குழுவினருக்கு,

உங்கள் வரைவுக் குறிப்பின் நான்காவது பத்தியைப் படித்தபின்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடைகளின் பில்லிங் மென்பொருளில் விழும் விற்பனை எல்லாம் தலைமை அலுவலகக் கணக்கு மென்பொருளுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்கிறீர்கள். இந்த இரண்டு மென்பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்க இரவில் ஓடும் சரிகட்டல் தானாக நடப்பதாலும், அதில் யாருடைய கையெழுத்தும் இல்லாததாலும் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறீர்கள். அதற்குப் பதிலாக 25 வவுச்சர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கடையின் பில் நகலைக் கேட்டீர்கள். என் பிரிவில் இரண்டு பேர் அதற்காகவே எட்டு நாள் கடை கடையாகப் போன் செய்துகொண்டிருந்தார்கள். 25ம் பொருந்தின. அதன்பிறகும் அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது.

அந்த 25 வவுச்சர்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் என் முதல் மனக்குறை. கணக்கு மென்பொருளின் விற்பனைப் பேரேட்டிலிருந்து எடுத்தீர்கள். பேரேட்டில் இருக்கும் ஒரு பதிவுக்குக் கடையில் பில் இருக்கிறதா என்று பார்த்தால், அந்த விற்பனை நிஜமாக நடந்ததா என்பது தெரியும். பேரேட்டுக்கு வராமலே போன பில் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. வராத பில் பேரேட்டில் இல்லை. இல்லாததை அங்கிருந்து மாதிரியாக எடுக்கவும் முடியாது. வகுப்பில் நின்றுகொண்டு "வராதவன் எல்லாம் கை தூக்கு" என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. முழுமையைச் சோதிக்க வேண்டுமென்றால் கடையில் தொடங்கிப் பேரேட்டுக்கு வர வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. வேலை நெருக்கடியில் கைக்கு எட்டிய பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

கடைப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தாலும் 25 போதாது. எங்களுக்கு 41 கடைகள். நாளுக்குச் சுமார் 18,000 பில், வருடத்துக்கு 65 லட்சத்துக்குப் பக்கம். பத்தாயிரத்தில் ஒரு பில் வழியில் தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 650 பில் போயிருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 25 பில்லில் அப்படி ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டரைதான். "எல்லாம் வந்ததா" என்று கேட்டால் எல்லாவற்றையும் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மனிதரால் அது ஆகாது, இயந்திரத்தால் ஆகும். ஒவ்வொரு இரவும் அதைத்தான் செய்கிறோம்.

அது என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விளக்கக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம்.

கடை அடைத்ததும் ஒவ்வொரு கல்லாவிலும் நாள் முடிவு போடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவில் பில் நள்ளிரவு தாண்டியும் விழும். அதனால் கடிகாரத் தேதியைப் பார்க்காமல், நாள் முடிவு போடும்போது கல்லா குறித்துக்கொள்ளும் வியாபாரத் தேதியைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இரவு 1 மணிக்கு மாற்றும் நிரல் ஓடும்: பில்களை ஒரு கோப்பாக எழுதி, அந்தக் கோப்பைக் கணக்கு மென்பொருளில் ஏற்றும். சரிகட்டல் தனி வேலை. 3.30க்கு அதுவாகத் தொடங்கும். இடது பக்கத்துக்குப் பில்லிங் தரவுத்தளத்தையும், வலது பக்கத்துக்குக் கணக்கு மென்பொருளின் பேரேட்டையும் அது நேரடியாகப் படிக்கும். நடுவில் இருக்கும் கோப்பைத் தொடவே தொடாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

ஒப்பீடு மூன்று படிகளில் நடக்கும். கடைவாரியாகப் பில் எண்ணிக்கை, கடைவாரியாக மொத்தத் தொகை, கடைசியாகப் பில் எண்ணுக்குப் பில் எண். மூன்றாவதன் உயிர் இந்த வினவல், இவ்வளவுதான்:

```sql
SELECT b.bill_no, g.src_ref, b.amount, g.amount
FROM   pos_day b
FULL OUTER JOIN gl_day g ON g.src_ref = b.bill_no
WHERE  b.bill_no IS NULL
   OR  g.src_ref IS NULL
   OR  b.amount <> g.amount
   OR  g.line_count <> 1;
```

`pos_day` என்பது அன்றைய பில்கள். `gl_day` என்பது அதே தேதியில் பேரேட்டில் ஏறிய விற்பனைப் பதிவுகள், பில் எண்வாரியாகக் கூட்டப்பட்டவை. கடையில் இருந்து பேரேட்டில் இல்லாதது, பேரேட்டில் இருந்து கடையில் இல்லாதது, தொகை மாறியது, இரண்டு முறை ஏறியது என்ற நான்கு வகையும் இதில் வெளிவரும். தவறான தேதியில் ஏறிய பில்லும் தப்பாது. ஒரு நாள் பட்டியலில் "காணோம்" என்றும், அது ஏறிய நாளின் பட்டியலில் "அநாதை" என்றும் வந்து நிற்கும்.

கடையிலிருந்து பில்லிங் தரவுத்தளத்துக்கே ஒரு பில் வராமல் போனால்? உங்கள் இளையவர் ஒருவர் கேட்ட நல்ல கேள்வி இது. ஜி.எஸ்.டி. விதி 46 பில்களுக்குத் தொடர் எண் கேட்கிறது. அதனால் ஒவ்வொரு கல்லாவின் நாள் முடிவுச் சீட்டிலும் முதல் பில் எண்ணும் கடைசிப் பில் எண்ணும் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே ஓட்டை இருக்கிறதா என்று அதே வேலை முதலில் பார்த்துவிடும். ரத்தான பில்லுக்கும் ஒரு பதிவு இருந்தாக வேண்டும். மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில், வழங்கிய ஆவணங்களின் தொடக்க எண், முடிவு எண், ரத்தானவை என்று நிரப்புகிறோமே, அதற்கும் இதே எண்ணிக்கைதான் போகிறது.

மொத்தத் தொகை பொருந்தினால் போதாதா, எதற்கு மூன்று படி என்று எங்கள் நிதி மேலாளரே முன்பு கேட்டதுண்டு. திருப்பூர்க் கடையில் ஒரு சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு கேட்பதில்லை. அன்றைக்கு அந்தக் கடையின் மொத்தம் இரு பக்கமும் ₹9,84,350. பைசா பிசகவில்லை. ஆனால் எண்ணிக்கை பில்லிங்கில் 612, பேரேட்டில் 610. பில் எண் பட்டியலில் இரண்டு வரி வந்தது: காலையில் விழுந்த ₹2,350 விற்பனை ஒன்று, மாலையில் அதே பொருளைத் திருப்பித் தந்ததற்கான ரிட்டர்ன் பில் ஒன்று. ஒன்று கூட்டல், இன்னொன்று கழித்தல். இரண்டும் சேர்ந்து தொலைந்ததால் மொத்தத்தில் ஒரு சலனமும் இல்லை.

இரண்டும் சேர்ந்து தொலைந்தது தற்செயல் அல்ல. வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். முகவரியை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். பில் போட்ட பெண் அதை அப்படியே எடுத்து முகவரிக் கட்டத்தில் ஒட்டிவிட்டார். அந்த முகவரிக்குள் ஒரு வரி முறிப்பு இருந்தது. கோப்பில் ஒரு பில்லுக்கு ஒரு வரி என்பது கணக்கு; இந்தப் பில் இரண்டு வரியாக உடைந்தது. ஏற்றும் நிரலுக்கு இரண்டு துண்டும் புரியவில்லை. இரண்டையும் நிராகரிப்புக் கோப்பில் தள்ளிவிட்டு, மற்றதை ஏற்றி முடித்து, "வெற்றி" என்று எழுதிவைத்தது. மாலையில் அதே வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்தபோது ரிட்டர்ன் பில்லிலும் அதே முகவரி ஏறியது; அதற்கும் அதே கதி.

நடுக் கோப்பைத் தொடமாட்டோம் என்றேனே, அதற்கு இப்போது வருகிறேன். எங்கள் சரிகட்டல் இடது பக்கத்தைக் கோப்பிலிருந்து படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடைந்த வரிகளை அதுவும் படிக்க முடியாமல் விட்டிருக்கும். கோப்பில் 610, பேரேட்டில் 610, எல்லாம் சுபம். ஒரே குழாயில் இரண்டு குடம் பிடித்து, இரண்டும் ஒரே ருசி என்று சொல்வது போலத்தான் அது. வேறு நிறுவனங்களில் "சரிகட்டல் அறிக்கை" என்று காட்டினால் தயவுசெய்து இதைத்தான் முதலில் கேளுங்கள்: இந்த இரண்டு எண்ணும் எங்கெங்கிருந்து படிக்கப்பட்டன?

ரூபாய்க் கணக்கில் அன்றைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ரிட்டர்ன் வராத வீட்டு டெலிவரி பில்களும் அதே ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும். காலை 9.40க்கு இந்த விலகல் விசாரணைக்குத் திறக்கப்பட்டது. முகவரியில் உள்ள வரி முறிப்பை இடைவெளியாக மாற்ற நிரலில் ஒரு திருத்தம், அதற்கு ஒப்புதல், இரண்டு பில்லையும் மறுபடி ஏற்றியது, 11.15க்குச் சரிகட்டலை அதே தேதிக்கு மீண்டும் ஓட்டி 612க்கு 612 வந்தது என்று எல்லாமே நேரத்தோடும் செய்தவர் அடையாளத்தோடும் பதிவில் இருக்கிறது. நான் காட்டிய திரையில் இது இருந்தது. நீங்கள் இதை "விலகல் கண்டறியப்பட்டது" என்று எங்களுக்கு எதிரான வரியாக எழுதியிருக்கிறீர்கள். விலகலைக் கண்டுபிடித்தது எங்கள் கட்டுப்பாடு. அதை அந்தக் கட்டுப்பாட்டின் தோல்வியாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லப்போனால் வருடம் முழுக்க ஒரு விலகலும் காட்டாத சரிகட்டலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அது வீண் சந்தேகமும் அல்ல. வெற்றுப் பட்டியலுக்கு இரண்டு அர்த்தம் உண்டு: வித்தியாசமே இல்லை, அல்லது பார்க்கவே இல்லை. எங்களுக்கே ஒருமுறை நடந்தது. ஒரு சர்வர் மாற்றத்துக்குப் பிறகு, ஒப்பிட வேண்டிய தேதி அடுத்த நாளுக்கு நகரவில்லை; வேலை முந்தைய நாளையே மறுபடி ஒப்பிட்டது. ஏற்கனவே சரியான நாள், ஆகவே வித்தியாசம் பூஜ்யம். அடுத்த நாளும் பூஜ்யம். மூன்றாம் நாள் காலையில் பார்த்த பையன்தான் கேட்டான்: "சார், மூணு நாளா பில் எண்ணிக்கை ஒண்ணாவே இருக்கே?" ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் ஜவுளிக் கடையில் ஒரே எண்ணிக்கையா!

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படுகிறது. எந்த வியாபாரத் தேதி, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, இடது பக்கம் எத்தனை பில் எவ்வளவு தொகை, வலது பக்கம் எத்தனை எவ்வளவு, எத்தனை விலகல், வினவலின் எந்தப் பதிப்பு. விலகல் பூஜ்யமானாலும் வரி உண்டு. தேதி முந்தைய வரியிலிருந்து ஒரு நாள் நகர்ந்திருக்காவிட்டால் அந்த ஓட்டம் தோல்வி என்றே பதிவாகும். காலை 6 மணிக்குள் வரி விழாவிட்டால் எனக்கும் மேலாளருக்கும் எச்சரிக்கை வரும். "மெயில் வரவில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்ற பழைய பழக்கத்தை அன்றோடு விட்டோம். போன நிதியாண்டுக்கு அந்தப் பதிவேட்டில் 365 வியாபாரத் தேதிகளுக்கும் வரி இருக்கிறது. கடை அடைத்திருந்த நாளுக்கும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று வரி இருக்கிறது.

நீங்கள் கையெழுத்தைத் தேடிய இடத்தில் இருந்தது இந்தப் பதிவேடு. வங்கிச் சரிகட்டும் பட்டியலில் தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து வாங்கிப் பழகிய கண்ணுக்கு இது வெறுமையாகத் தெரியும் என்பது புரிகிறது. (பேச்சு வழக்கில் "சரிக்கட்டிவிட்டான்" என்றால் நல்ல அர்த்தம் இல்லை என்பதும் தெரியும்.) ஆனால் 18,000 வரியை ஒருவர் கண்ணால் பார்த்ததாகப் போட்ட கையெழுத்தை நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன்.

"மார்ச் 31 அன்று வருடம் முழுவதற்கும் ஒரே சரிகட்டல் போட்டுக் காட்டினால் போதுமே" என்றும் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கூட்டிப் பார்த்தால் விடை வரும்தான். ஆனால் ஏப்ரலில் தொலைந்த பில்லை அடுத்த மார்ச்சில் கண்டுபிடித்தால், கல்லாவில் இருந்த மூலப் பதிவு அழிந்திருக்கும். நாங்கள் கல்லாவில் 90 நாள்தான் வைக்கிறோம். அந்த மாதத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-1 எப்போதோ போயிருக்கும். பில் போட்டவரே வேலையை விட்டுப் போயிருக்கலாம். காரணம் தெரியாமல் ஒரு சரிசெய்யும் பதிவு போட்டு முடிப்போம். திருப்பூர் விவகாரத்தில் காரணம் அரை நாளில் கிடைத்தது, முந்தைய நாளின் கோப்பு கையில் இருந்ததால்தான். அதோடு, ஒரு நாள் பொருந்தியது பின்னால் மாறலாம் என்பதால், மாதம் முடிந்து மூன்றாம் நாள் அந்த மாதம் முழுவதையும் இன்னொரு முறை ஓட்டுகிறோம்.

இது எதைச் சொல்லாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். பில்லே போடாமல் விற்றதை இது காட்டாது; அதற்கு இருப்புக் கணக்கெடுப்புதான். பில் சரியான தொகையில், தவறான கணக்குத் தலைப்பில் ஏறினால் இது கண்டுகொள்ளாது. இரண்டு தரவுத்தளத்திலும் எழுத அனுமதி உள்ள ஒருவர் மனது வைத்தால் இரண்டு பக்கமும் மாற்றிப் பொருத்திவிட முடியும். அதனால்தான் அந்த அனுமதி யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: போன வருடம் ஜூன் வரை மாற்றும் நிரலையும் சரிகட்டல் வினவலையும் திருத்தும் அனுமதி ஒரே ஆளிடம் இருந்தது. அந்த ஆள் நான்தான். அந்த மூன்று மாதத்துக்கு நீங்கள் குறை எழுதினால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வரைவில் அதைக் காணவில்லை. காகிதத்தில் கையெழுத்து இல்லாதது மட்டும்தான் இருக்கிறது.

நிறுவனம் தரும் தகவலை அப்படியே நம்பக் கூடாது, அதன் துல்லியத்தையும் முழுமையையும் சோதிக்க வேண்டும் என்று தணிக்கைத் தரம் 500 உங்களைக் கேட்கிறது. நிதிக் கட்டுப்பாடுகள் போதுமானவையா என்று நிறுவனங்கள் சட்டம் 2013இன் 143(3)(i) பிரிவின்கீழ் நீங்கள் கருத்துச் சொல்லவும் வேண்டும். நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. சோதிக்க வேண்டிய இடத்தில் சோதியுங்கள் என்று கேட்கிறேன்.

இயந்திரம் செய்யும் பகுதியையும் மனிதர் செய்யும் பகுதியையும் பிரித்துப் பாருங்கள். வினவல் எல்லா இரவும் ஒரே மாதிரிதான் ஓடும். அதன் மாற்றக் கட்டுப்பாடும் அனுமதிக் கட்டுப்பாடும் சரியாக இருந்தால், ஒவ்வொரு வகை விலகலுக்கும் ஒருமுறை சோதித்தால் போதும். விலகல் வந்த பிறகு யார் பார்த்தார்கள், காரணம் கண்டார்களா, எத்தனை நாளில் மூடினார்கள் என்பது மனித வேலை. 25ஐ அங்கே வையுங்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. இறுதி அறிக்கைக்கு முன் உங்களில் ஒருவர் ஒரு முழு நாள் என் பக்கத்தில் உட்கார வேண்டும். நீங்கள் சொல்லும் ஏதாவது ஒரு தேதிக்கு, உங்கள் கண்முன்னே, இரண்டு தரவுத்தளத்திலிருந்தும் வினவலை ஓட்டிக் காட்டுகிறேன். வினவலின் எழுத்தை நீங்களே படித்து, வடிகட்டலில் ஏதாவது கடையோ பில் வகையோ விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சோதனைச் சூழலில் என்னிடம் சொல்லாமல் ஒரு பில்லை நீக்குங்கள், ஒன்றின் தொகையை மாற்றுங்கள், ஒன்றை இரண்டு முறை ஏற்றுங்கள், ஒரு விற்பனையையும் அதன் ரிட்டர்னையும் சேர்த்துத் தூக்குங்கள். நான்கும் பட்டியலில் வராவிட்டால் உங்கள் பத்தியை நானே தட்டச்சு செய்து தருகிறேன்.

365 வரிகள் உள்ள பதிவேட்டை நாங்கள் எடுத்துத் தரும் கோப்பாக வாங்காமல், படிக்க மட்டும் அனுமதி உள்ள கணக்கில் நீங்களே நுழைந்து எடுங்கள். கணக்கு தயாராக இருக்கிறது. விலகல் வந்த நாள்களிலிருந்து உங்கள் மாதிரியை எடுங்கள். ஜூன் வரையிலான அனுமதிக் குறையைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். "கையொப்பம் இல்லை" என்ற வரியை நீக்குங்கள், அல்லது எந்தச் சோதனையில் இந்தச் சரிகட்டல் தவறியது என்று அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வருடம் பேரேட்டிலிருந்து எடுத்த வவுச்சர் பட்டியலை முழுமைக்கான சோதனை என்ற தலைப்பில் அனுப்பாதீர்கள்.

இறுதி அறிக்கைக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. வரும் திங்கள் முதல் வெள்ளி வரை எந்த நாளானாலும் காலை 9 மணிக்கு இருக்கையோடு காத்திருப்பேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவில் தரவு மாற்றத்துக்கும், போன ஜூன் வரை அதன் சரிகட்டலுக்கும் பொறுப்பாக இருந்தவன்